ஒரு மோசமான இரவு ஷிஃப்டை ரிஃப்ளெக்ஷனாக எழுதுவது எப்படி?

கேள்வி: தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு எழுதி, இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் பிரிவில் எஃப்.ஒய்.2 என்ற ஜூனியர் டாக்டர் நிலையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு இரவு ஷிஃப்ட் ரொம்ப மோசமாகப் போனது. நான் போய்ப் பார்ப்பதற்குள் ஒரு நோயாளியின் நிலை மோசமாகி ஐ.சி.யு.வுக்குப் போனார், பிழைத்துவிட்டார். அதில் என்ன கற்றேன் என்று யோசித்து ஒரு ரிஃப்ளெக்ஷன் எழுதி, இங்கே டாக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜி.எம்.சி.யின் தரநிலைகளோடு இணைக்கச் சொல்கிறார் சூப்பர்வைசர். எதை எழுதுவது, எதை விடுவது? எழுதியதே நாளைக்கு எனக்கு எதிராகத் திரும்புமா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தப் பயம் உள்ளே இருக்கும்வரை நீங்கள் எழுதுவது எதுவும் உருப்படியாக வராது.

இந்தப் பயம் இங்கே பெரிதாகப் பரவியது 2018ல். 2011ல் லெஸ்டரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் செப்சிஸால் இறந்தான். அந்த வழக்கில் டாக்டர் ஹடீஸா பாவா-கார்பா 2015ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2018 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் போர்ட்ஃபோலியோவில் எழுதிய ரிஃப்ளெக்ஷனையே அவருக்கு எதிராகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று அப்போது எல்லா வார்டிலும் பேச்சு. அவருக்குத் துணைநின்ற மருத்துவப் பாதுகாப்பு அமைப்போ, அந்தப் போர்ட்ஃபோலியோ ஜூரியின் முன் சாட்சியமாக வைக்கப்படவே இல்லை என்று விளக்கியது. பேச்சு பரவிய அளவுக்கு அந்த விளக்கம் பரவவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜி.எம்.சி.யும் மருத்துவ ராயல் கல்லூரிகளின் அகாடமியும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து ரிஃப்ளெக்ஷனுக்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. ஒரு டாக்டர்மேல் புகார் வந்தால், விசாரணைக்காக அவருடைய ரிஃப்ளெக்ஷன் குறிப்புகளை ஜி.எம்.சி. கேட்காது என்று அதில் தெளிவாக இருக்கிறது. டாக்டரே விரும்பினால் கொடுக்கலாம். பெரும்பாலும் அது அவருக்குச் சாதகமாகத்தான் அமையும், ஏனென்றால் நடந்ததைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் நீதிமன்றம் வேறு. வழக்குக்குத் தொடர்புள்ளது என்று நினைத்தால் எந்த ஆவணத்தையும் போல இதையும் கேட்க அதற்கு அதிகாரம் உண்டு. முழுப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால் நடைமுறையில் செய்யவேண்டியது, இரண்டு ஆவணங்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது. என்ன நேரத்துக்கு என்ன நடந்தது, யார் யாரை அழைத்தார்கள், என்ன மருந்து எப்போது போனது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டுக்கும், சம்பவங்களைப் பதிவு செய்யும் டேட்டிக்ஸ் ரிப்போர்ட்டுக்கும், மருத்துவமனை கேட்டால் கொடுக்கும் வாக்குமூலத்துக்கும் உரியவை. ரிஃப்ளெக்ஷனில் வரவேண்டியது நீங்கள் எப்படி யோசித்தீர்கள், இப்போது எப்படி யோசிக்கிறீர்கள் என்பது மட்டும். நோயாளியின் துல்லியமான வயது, தேதி, படுக்கை எண், அபூர்வமான நோயின் பெயர் எதுவும் வேண்டாம். "எழுபதுகளில் இருந்த ஒரு பெண்மணி, குடல் அறுவைக்குச் சில நாள் கழித்து" என்றால் போதும். கூட வேலை பார்த்தவர்களையும் பதவியால் மட்டும் குறிப்பிடுங்கள். உங்கள் கேஸில் முறையான விசாரணை தொடங்கியிருந்தால், எழுதுவதற்கு முன்பே மருத்துவப் பாதுகாப்பு அமைப்புகளான எம்.டி.யு., எம்.பி.எஸ்., எம்.டி.டி.யு.எஸ். இவற்றில் எதில் உறுப்பினரோ அங்கே ஒரு போன் போட்டுவிடுங்கள். மருத்துவமனை தரும் இழப்பீட்டுப் பாதுகாப்பு ஜி.எம்.சி. விசாரணையில் உங்களுக்கென்று வக்கீல் வைக்காது. அதற்குத்தான் இந்த உறுப்பினர் கட்டணமே.

இனி எழுதும் விஷயத்துக்கு வருவோம். சூப்பர்வைசராக நான் படிக்கும் ரிஃப்ளெக்ஷன்களில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, இரவு எட்டரை மணி ஹேண்ட்ஓவரிலிருந்து காலை வரை நடந்தது அத்தனையும் சொல்லி, கடைசியில் "நேர மேலாண்மையை மேம்படுத்திக்கொள்வேன், சீக்கிரமே சீனியரை அழைப்பேன்" என்று முடிவது. இன்னொன்று பாவமன்னிப்பு. இரண்டிலும் யோசனை கிடையாது. நேர மேலாண்மை என்பது இங்கே ஒன்றும் சொல்லாத சொல். மூன்று பேர் ஒரே நேரத்தில் பிளீப் செய்தால் யாருக்குமே நேரம் போதாது. அங்கே நடந்தது தேர்வு. அந்தத் தேர்வைப் பற்றி எழுதுங்கள்.

உங்கள் இரவின் விவரம் எனக்குத் தெரியாது. அதனால் வகுப்பில் நான் பயன்படுத்தும் ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். எந்த ஒரு உண்மை நோயாளியும் அல்ல, வகுப்புக்காகக் கட்டிய கேஸ்.

அறுவைசிகிச்சை வார்டுகள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே எஃப்.ஒய்.2. அவருக்கு மேலுள்ள ரெஜிஸ்ட்ரார் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். எல்லோருக்கும் மேலுள்ள கன்சல்டன்ட் வீட்டில், ஆன் கால். அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுகளுக்கு வரும் அவுட்ரீச் நர்ஸ் ஒருவர் மருத்துவமனைக்குள் இருக்கிறார். அதிகாலை 2.10க்கு ஒரு வார்டிலிருந்து நர்ஸ் அழைக்கிறார். குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைத்த அறுவை, ஐந்தாம் நாள், 78 வயதுப் பெண்மணி. மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் இல்லாமல் செறிவு 95, மேல் ரத்த அழுத்தம் 104, நாடித் துடிப்பு 88, வெப்பம் 37.8, முழு நினைவு. நோயாளி மோசமாகிறாரா என்று அளவீடுகளுக்குப் புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்2 கணக்குப்படி மூச்சுக்கு 2, செறிவுக்கு 1, அழுத்தத்துக்கு 1, மொத்தம் 4. "ஸ்கோர் நாலுதான் டாக்டர், ஆனா ஆள் எனக்குச் சரியாப் படலை" என்கிறார் நர்ஸ்.

அதே நிமிடத்தில் இன்னொரு வார்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி. மூன்றாவது வார்டில் டிரிப் எழுதித் தரச்சொல்லி இரண்டாம் முறையாகக் கூப்பிடுகிறார்கள். டாக்டர் நெஞ்சுவலிக்குப் போகிறார். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, காரணம் இதயம் இல்லை என்று ஓரளவு உறுதியாகும்வரை ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. 3.15க்குத் திரும்பி வரும்போது அந்த அம்மாவுக்கு மூச்சு 26, செறிவு 94, அழுத்தம் 96, துடிப்பு 90, வெப்பம் 38.2, புதிதாகக் குழப்பம். ஸ்கோர் 10. ரத்தப் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் எடுத்து, லாக்டேட் பார்த்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, 500 மி.லி. திரவத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் ஏற்றுகிறார். தியேட்டருக்குப் போன் செய்கிறார். எடுத்தது தியேட்டர் நர்ஸ். "ஒரு பேஷண்ட் கொஞ்சம் மோசமா இருக்காங்க, ஃப்ரீ ஆனதும் ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிடச் சொல்லுங்க." பதில் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி அழைத்தபின்தான் ரெஜிஸ்ட்ரார் வருகிறார். சி.டி. எடுத்தால் குடல் இணைப்பில் கசிவு. மீண்டும் அறுவை, ஐ.சி.யு., பிழைக்கிறார்.

இதில் ரிஃப்ளெக்ஷன் எங்கே இருக்கிறது? முதலில் எல்லோரும் கை வைக்கும் இடம், "நான் நெஞ்சுவலிக்குப் போனது தவறு". அது தவறில்லை. கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால், ஸ்கோர் 4 உள்ளவரைவிட நெஞ்சுவலி முதலில் என்பது எந்த டாக்டரும் எடுக்கக்கூடிய முடிவு. விளைவு தெரிந்தபின் முடிவைத் திட்டுவது சுலபம். அதில் கற்க எதுவும் இல்லை. கேள்வியை இப்படிக் கேட்டால் வேறு ஏதோ கிடைக்கும்: அந்த முடிவு எடுக்கும்போது கையில் இருந்திருக்கக்கூடிய, ஆனால் இல்லாமல் போன தகவல் எது?

நியூஸ்2 ஸ்கோருக்கு நோயாளியின் வழக்கமான நிலை தெரியாது. அந்த அம்மாவின் ரத்த அழுத்தம் வழக்கமாக 150 என்றால், 104 என்பது பெரிய சரிவு. ஸ்கோரில் அதற்கு ஒரே புள்ளி. அவர் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரான பைசோப்ரோலால் மாத்திரை எடுப்பவர் என்றால் துடிப்பு அவ்வளவாக ஏறாது. 88க்கும் பூஜ்யம், ஒரு மணி நேரம் கழித்து உடல் தத்தளிக்கும்போது வந்த 90க்கும் பூஜ்யம். மாத்திரை இல்லாமல் 115 என்று ஏறியிருந்தால் இரண்டு புள்ளி கூடி 2.10க்கே ஸ்கோர் 6 ஆகியிருக்கும்; 5 ஆனாலே உடனே போய்ப் பார்க்கவேண்டிய கேஸ். அப்புறம் ஐந்தாம் நாள். குடல் இணைப்பு கசிவதாக இருந்தால் வெளியே தெரிய ஆரம்பிக்கும் காலம் இதுதான். வழக்கமான பிரஷர் எவ்வளவு, பீட்டா பிளாக்கர் எடுக்கிறாரா, என்ன அறுவை, எத்தனையாவது நாள், வயிறு எப்படி இருக்கிறது? போனிலேயே ஒரு நிமிடத்தில் கேட்டு முடித்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஸ்கோர் 1 முதல் 4 வரை இருந்தால் அடுத்த அளவீடு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் என்பதுதான் குறைந்தபட்ச விதி. அதாவது டாக்டர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தால், விதிப்படி காலை ஆறு மணிவரை யாரும் அளக்க வேண்டியதே இல்லை. நம் கேஸில் நர்ஸ் தன் அனுபவத்தால் முன்னதாகவே அளந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால்தான் 3.15க்கு விஷயம் தெரிந்தது. "நான் வர ஒரு மணி நேரம் ஆகலாம். அரை மணிக்கு ஒருமுறை பாருங்க. பிரஷர் நூறுக்குக் கீழே போனாலோ, மூச்சு 25 ஆனாலோ, பேச்சு குழறினாலோ எனக்காகக் காத்திருக்காம அவுட்ரீச்சைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருந்தால், டாக்டர் நெஞ்சுவலிக்கே போயிருந்தாலும் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கலாம். அது ஒரு தனி முடிவு. எந்த நோயாளியிடம் போவது என்ற முடிவு சரியாகவே இருந்தும், போகாத நோயாளியை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போகிறோம் என்ற முடிவு எடுக்கப்படவே இல்லை.

உங்கள் ரிஃப்ளெக்ஷன் இப்படிப்பட்ட ஓர் இடத்தில் நிற்கவேண்டும். ஒரு போன் உரையாடல், மூன்று நிமிடம். அதைச் சுற்றித்தான் ஒரு பக்கம்.

இப்போது தரநிலைகள். ஜி.எம்.சி.யின் "குட் மெடிக்கல் பிராக்டிஸ்" புதிய பதிப்பு 2024 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 2013 பதிப்பின் தலைப்புகளைப் பார்த்து இன்னமும் எழுதுகிறார்கள், அதைக் கவனியுங்கள். இப்போதைய நான்கு பிரிவுகள்: அறிவும் திறனும் வளர்ச்சியும், நோயாளிகளும் கூட்டுறவும் தொடர்பும், சக ஊழியர்களும் பணிச்சூழலும் பாதுகாப்பும், நம்பிக்கையும் தொழில்நெறியும். போர்ட்ஃபோலியோவில் நான்கு பெட்டியிலும் டிக் போட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவது பரவலான பழக்கம். படிப்பவருக்கு அது கல்யாணப் பந்தியில் சாப்பிட ஆளில்லாத இலைக்கும் எல்லாப் பதார்த்தமும் வைத்துவிட்டுப் போவது போலத்தான் தெரியும். உங்கள் சம்பவம் உண்மையாகவே தொடும் ஒன்றிரண்டு வாசகங்களை எடுங்கள், அவற்றோடு வாதாடுங்கள்.

நம் கேஸில் எது தொடுகிறது? தன் திறனின் எல்லையை உணர்ந்து அதற்குள் வேலை செய்யவேண்டும், தன் நிலைக்கு ஏற்ற மேற்பார்வையின்கீழ் மட்டுமே வேலை பார்க்கவேண்டும் என்று ஒரு வாசகம் முதல் பிரிவிலேயே வருகிறது. எல்லோரும் இதை "எனக்குத் தெரியாததைச் செய்யக்கூடாது" என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த இரவில் எஃப்.ஒய்.2 தனக்குத் தெரியாததைச் செய்யவில்லை; செப்சிஸுக்கு வேண்டியதை ஒழுங்காகவே செய்தார். எல்லை வேறு இடத்தில் இருந்தது. வயிற்றை மறுபடி திறக்கவேண்டுமா என்று முடிவெடுப்பவர் ரெஜிஸ்ட்ரார் அல்லது கன்சல்டன்ட். அவர்களிடம் விஷயம் போய்ச் சேரும்வரை இவர் கொடுத்த ஆன்டிபயாடிக்கும் திரவமும் நேரம் வாங்கித் தருபவை மட்டுமே. கசியும் குடலை ஆன்டிபயாடிக் மூடாது. ஆக, 3.15க்கு மேற்பார்வை என்ற ஒன்று நடைமுறையில் இருந்ததா என்பதே கேள்வி. காகிதத்தில் இருந்தது. தியேட்டர் கதவுக்குப் பின்னால்.

அந்த முதல் போனைக் கவனியுங்கள். "கொஞ்சம் மோசமா இருக்காங்க, ஃப்ரீ ஆனதும்" என்றால், கையில் கத்தியோடு நிற்கும் ஒருவருக்கு அது அவசரமில்லாத செய்தி. அவர் மேல் தப்பில்லை. எஸ்பார் முறையில் பேசச்சொல்லி எல்லோருக்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை. நெருக்கடியில் முதல் இரண்டும் வந்துவிடும், கடைசி இரண்டும் தொண்டையில் நின்றுவிடும். இங்கே நின்றது அதுதான். இப்படிச் சொல்லியிருக்கலாம்: "குடல் அறுவை ஐந்தாம் நாள் அம்மா, ஸ்கோர் 10, பிரஷர் 96, வழக்கமா 150, புதுசா குழப்பம். இணைப்பு கசியுதுன்னு நினைக்கிறேன். செப்சிஸுக்குத் தொடங்கிட்டேன். ரெஜிஸ்ட்ரார் பத்து நிமிஷத்துல பேச முடியுமா, இல்ல நான் கன்சல்டன்ட்டைக் கூப்பிடணுமான்னு அவர்கிட்ட இப்பவே கேட்டுச் சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்." இதில் மதிப்பீடும் இருக்கிறது, கோரிக்கையும் இருக்கிறது, மறுத்தால் அடுத்த வழியும் இருக்கிறது. தியேட்டர் நர்ஸுக்கு என்ன செய்தி கொண்டுபோகவேண்டும் என்பதும் தெளிவு.

நம் ஊரில் படித்துவந்தவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதியில் கூடுதலாக ஒரு தடை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. வீட்டில் தூங்கும் சீஃபை ராத்திரி மூன்று மணிக்கு எழுப்புவது என்றால், நம் ஊர் வார்டில் அதற்குமுன் பி.ஜி., அசிஸ்டென்ட் என்று படிப்படியாகத்தான் ஏறிப்போகவேண்டும். படியைத் தாண்டினால் மறுநாள் ரவுண்ட்ஸில் தெரியும். இங்கே ரெஜிஸ்ட்ரார் கிடைக்கவில்லை என்றால் எஃப்.ஒய்.2 நேரே கன்சல்டன்ட்டை அழைக்கலாம், அழைக்கவேண்டும். "உங்களை எழுப்பியதற்கு மன்னிக்கணும்" என்று ஐந்து வரி முன்னுரை வேண்டாம். இது உங்களிடமும் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் ரிஃப்ளெக்ஷனில் அதை எழுதுங்கள். சூப்பர்வைசருக்கு உங்களைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லும் வரி அதுவாகத்தான் இருக்கும். இல்லை என்றால், வெளிநாட்டில் படித்தவர் என்பதற்காக இரவல் வாங்கி எழுதவேண்டாம்.

மூன்றாம் பிரிவிலும் ஒரு வாசகம் இதைத் தொடுகிறது: நோயாளியின் பாதுகாப்புக்குக் கடுமையான ஆபத்து இருக்கலாம் என்று நினைத்தால் உடனே செயல்படவேண்டும். "இருக்கலாம் என்று நினைத்தால்" என்ற அளவுகோலைக் கவனியுங்கள். நிரூபிக்கவேண்டும் என்று இல்லை. 2.10க்கு நர்ஸ் "சரியாப் படலை" என்று சொன்னது இந்த அளவுகோலைத் தொட்டுவிட்டதா? என் கருத்தில் தொட்டுவிட்டது. நியூஸ்2 வகுத்த ராயல் கல்லூரியே, ஸ்கோர் குறைவாக இருந்தாலும் பார்த்துக்கொள்பவருக்குக் கவலை என்றால் அதற்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. 13 வயது மார்த்தா மில்ஸ் 2021ல் லண்டனில் இறந்தபின், குடும்பத்தாரின் கவலைக்கும் அதே மதிப்பு வேண்டும் என்று பெற்றோர் போராடி, 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் "மார்த்தா விதி" படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. உங்கள் இரவில் யாராவது, நர்ஸோ மகளோ பக்கத்துப் படுக்கைக்காரரோ, எண்களுக்கு முன்பே ஏதாவது சொன்னார்களா? அந்தச் சொல்லை நீங்கள் எந்தப் பெட்டியில் போட்டீர்கள்? நல்ல ரிஃப்ளெக்ஷன் பல நேரம் இந்த ஒரு கேள்வியிலிருந்தே கிளம்பும்.

ஜி.எம்.சி. ஆவணத்தில் "கட்டாயம் செய்யவேண்டும்" என்று சொல்லும் இடங்களும் "செய்யவேண்டும்" என்று சற்று இளக்கமாகச் சொல்லும் இடங்களும் தனித்தனி. முன்னது கடமை, பின்னது எல்லாச் சூழலிலும் பொருந்தாமல் போகலாம் அல்லது உங்கள் கையில் இல்லாத காரணத்தால் முடியாமல் போகலாம் என்பதை ஒத்துக்கொள்கிறது. மேற்கோள் காட்டும்போது எது எது என்று பார்த்து எழுதுங்கள்.

சரி, மறுநாள் காலை. தாமதம் நடந்திருக்கிறது, நோயாளி ஐ.சி.யு.வில். குடும்பத்திடம் என்ன சொன்னீர்கள்? இது ரிஃப்ளெக்ஷன்களில் பெரும்பாலும் காணாமல் போகும் பகுதி. வெளிப்படையாக இருப்பது டாக்டரின் தனிப்பட்ட தொழில்கடமை: நடந்ததைச் சொல்வது, வருத்தம் தெரிவிப்பது, முடிந்தால் சரிசெய்வது, இனி என்ன ஆகலாம் என்று விளக்குவது, சம்பவத்தைப் பதிவு செய்வது. இதற்கு மேல் மருத்துவமனைக்கென்று 2014 முதல் சட்டப்படியான கடமை தனியாக இருக்கிறது. "மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமே, மன்னிப்புக் கேட்பது மட்டும் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று சொல்லிவிட்டது. ஆனால் பெரிய சம்பவங்களில் ஜூனியர் தனியாகப் போய்ப் பேசக்கூடாது. கன்சல்டன்ட் பேசும்போது கூட இருங்கள். கூட இருந்தீர்களா, யாரும் அழைக்கவில்லையா, அழைத்தும் தவிர்த்தீர்களா என்பதை இரண்டு வரியில் எழுதலாம்.

ஆள் பற்றாக்குறையைப் பற்றி: மூன்று வார்டுக்கு ஒரு டாக்டர், பன்னிரண்டு மணி நேரம், இடைவேளை இல்லை. இதை எழுதலாமா? பின்னணியாக ஒரு வரி எழுதலாம், எழுதவேண்டும். அது உங்கள் முடிவின் சூழல். ஆனால் புகாராக வளர்க்க இது இடமில்லை. ஜூனியர் டாக்டர்களுக்கான 2016 ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, வேலை நேரம் மீறினால் பதிவு செய்ய எக்செப்ஷன் ரிப்போர்ட் என்று தனி வழி இருக்கிறது, கிடைக்காத இடைவேளைக்கும் அதைப் போடலாம். நீங்கள் டிரஸ்ட் கிரேடு ஒப்பந்தம் என்றால் உங்களுக்கு அது பொருந்துமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள், பொருந்தாவிட்டாலும் டேட்டிக்ஸ் போடலாம். வசதிக் குறைவால் நோயாளிக்கு ஆபத்து என்றால் சொல்லவேண்டியது ஜி.எம்.சி. தரநிலையிலேயே உள்ள கடமைதான், போட்டுக்கொடுப்பது ஆகாது. ரிஃப்ளெக்ஷனில் "இதைப் பதிவு செய்தேன்" என்று ஒரு வரி வந்தால் போதும்.

இனி எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி. கிப்ஸ் 1988ல் சொன்ன ஆறு கட்டச் சுழற்சியை எல்லோரும் பயன்படுத்துவார்கள். எனக்கு அது பிடிக்காது. "என்ன உணர்ந்தீர்கள்" என்ற கட்டத்தில் கட்டாயத்துக்கு ஏதாவது உணர்ந்தாக வேண்டியிருக்கிறது. என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன என்ற மூன்று கேள்வி போதும். முதல் கேள்விக்கு ஐந்து வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், இங்கே தொனிக்காகத் தமிழில்:

"இரவில் மூன்று வார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குடல் அறுவைக்குச் சில நாள் ஆன ஒரு நோயாளியைப் பற்றி நர்ஸ் கவலை தெரிவித்தார். ஸ்கோர் குறைவாக இருந்தது. அதே நேரத்தில் நெஞ்சுவலியுடன் இருந்த இன்னொருவரை முதலில் பார்க்க முடிவு செய்தேன். அந்த வரிசை நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த உரையாடலில் நான் கேட்டது ஸ்கோரை மட்டும். துடிப்பை மறைக்கும் மாத்திரையும் வழக்கமான ரத்த அழுத்தமும் தெரிந்திருந்தால், என் வரிசை மாறாவிட்டாலும் என் அறிவுறுத்தல் மாறியிருக்கும். எப்போது மறுபடி அளப்பது, எது நடந்தால் யாரை அழைப்பது என்று சொல்லாமல் போனை வைத்தேன். பாதுகாப்புக்கு ஆபத்து இருக்கலாம் என்று தோன்றினாலே செயல்படவேண்டும் என்கிறது தரநிலை. செயல்படுவது என்றால் நேரில் போவது என்று மட்டுமே நான் புரிந்துவைத்திருந்தேன். போகமுடியாதபோது போனில் செய்யக்கூடியதும் செயல்தான். பின்னர் சீனியரை அழைத்தபோது என் சந்தேகத்தைச் சொல்லாமல் நிலைமையை மட்டும் சொன்னேன்; அவசரம் அவருக்குப் போய்ச் சேரவில்லை."

இதில் அழுகை இல்லை, தன்னைத்தானே சாட்டையால் அடிப்பதும் இல்லை. சரியாகச் செய்ததைச் சரி என்று சொல்லியிருக்கிறது. நோயாளியை யாரும் அடையாளம் காணமுடியாது. தரநிலை ஒரு மேற்கோளாகத் தொங்காமல், எழுதியவரின் புரிதலை மாற்றிய இடத்தில் வருகிறது. நாளைக்கே ஒரு வக்கீல் படித்தாலும், பொறுப்போடு யோசிக்கும் ஒரு டாக்டரைத்தான் பார்ப்பார். "என் அலட்சியத்தால்", "நான் கவனிக்கத் தவறியதால் நோயாளிக்குத் தீங்கு" மாதிரி சட்டத் தீர்ப்புச் சொற்களைத் தவிர்த்திருக்கிறேன். உண்மையை மறைக்க அல்ல. கசிவு 2.10க்கே கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும் அவருக்கு ஐ.சி.யு. தேவைப்பட்டிருக்கலாம், தாமதம் எவ்வளவு தீங்கு செய்தது என்பதை அளப்பது விசாரணைக் குழுவின் வேலை, உங்களால் முடியாது.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இனி என்ன என்பதற்கு, சோதித்துப் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். "சீக்கிரம் சீனியரை அழைப்பேன்" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. "ஒவ்வொரு இரவும் ஹேண்ட்ஓவரின்போது ரெஜிஸ்ட்ராரிடம், நீங்கள் தியேட்டரில் இருந்தால் எந்த நம்பருக்கு, என்ன சொன்னால் உடனே செய்தி வரும் என்று கேட்பேன்" என்பதைச் சரிபார்க்கலாம். "போகமுடியாத அழைப்புகளில், மறுபடி அளக்கும் நேரத்தையும் அழைக்கவேண்டிய எல்லையையும் சொல்லி, நர்ஸைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன், வேலைப் பட்டியலில் அதைக் குறித்துவைப்பேன்" என்பதும் அப்படியே. இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுத்த சில இரவு ஷிஃப்டுகளுக்குப் பிறகு அதே பதிவின்கீழ் ஒரு பத்தி சேருங்கள்: செய்தீர்களா, நடைமுறையில் எங்கே இடித்தது. நர்ஸ்களுக்கும் நேரமில்லாமல் அரை மணி அளவீடு நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்த நேரத்தில் சூப்பர்வைசரிடம் ஒரு கேஸ் விவாதமாகவும் இதை எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அப்ரைசலில் தனியாக இருக்கும் ரிஃப்ளெக்ஷனைவிட இந்த இரண்டாம் பத்தியோடு இருப்பதற்குத்தான் கனம் அதிகம்.

நீளம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. சம்பவம் நடந்து ஒரு வாரமாவது ஆனபின் எழுதுங்கள், போன மாதம் என்பதால் அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை. எழுதியதைப் பதிவேற்றும் முன் வார்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சக டாக்டரிடம், பெயர் ஊர் எதுவும் சொல்லாமல், படிக்கக் கொடுங்கள். எந்த நோயாளி என்று அவரால் ஊகிக்க முடிந்தால் இன்னும் விவரம் குறையவேண்டும். நீங்கள் எந்த முடிவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று அவரால் ஒரே வாக்கியத்தில் சொல்லமுடியாவிட்டால், மறுபடி உட்கார்ந்து எழுதவேண்டும்.